டன்ட்ரா, டைகா, பாலைவனம்: தேர்வு அட்டவணையை நிரப்புவது எப்படி?

‘டன்ட்ரா, டைகா, பாலைவனம் ஆகிய பல்லுயிர்த் தொகுதிகளின் தாவர, விலங்குத் தகவமைப்புகளை அட்டவணைப்படுத்துக.’ இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பலர் ஸ்கேலை எடுத்து மூன்று கட்டம் போட்டுவிடுகிறார்கள். முதல் கட்டத்தில் பாசி, லைக்கன், துருவக் கரடி. இரண்டாவதில் பைன், ஃபிர், பழுப்புக் கரடி. மூன்றாவதில் கள்ளி, ஒட்டகம். இரண்டே நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். எழுதியதில் ஒரு பிழையும் இருக்காது, ஆனாலும் பாதி மதிப்பெண்கூட வராது. கேள்வியில் இருப்பது தகவமைப்பு. விடைத்தாளில் இருப்பது பெயர்ப்பட்டியல்.

நான் ஊட்டியில் மாலை வேளையில் டியூஷன் எடுப்பவன். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளும் வருவார்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெரியவர்களும் வருவார்கள். இந்தப் பாடத்தைப் புதிதாகத் தொடுகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முறை இதுதான். மலையில் இருப்பதால் நமக்கு ஒரு வசதி உண்டு, அதே அளவுக்கு ஒரு தொந்தரவும் உண்டு. இரண்டையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

முதலில் நெருக்கடி, அப்புறம்தான் உயிரினம்

அட்டவணை போடுவதற்கு முன் விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் உயிரினத்தை வாட்டுவது எது என்பதே அந்த மூன்று வரி.

டன்ட்ராவில் கோடை மிகக் குறுகியது. செடி வளரக் கிடைப்பது சுமார் 50 முதல் 60 நாள். ஆண்டிலேயே சூடான மாதத்தின் சராசரிகூட 10 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. மேல்மண் மட்டும் கோடையில் இளகும். அதற்குக் கீழே ஆண்டு முழுக்க இளகாத நிரந்தர உறைநிலம். வேர் அதைத் துளைக்க முடியாது. மேலே தடுக்க மரம் இல்லாததால் காற்று அறுத்துக்கொண்டு போகும்.

டைகா அதற்குத் தெற்கே இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே சில இடங்களில் டன்ட்ராவைவிடக் கொடுமையான குளிர் அடிக்கும். கிழக்குச் சைபீரியாவில் மைனஸ் 50 டிகிரிக்குக் கீழே போவது புதிதல்ல. ஆனால் கோடையில் ஒரு மாதமாவது சராசரி 10 டிகிரிக்கு மேலே போய்விடும், வளரும் காலமும் மூன்று நான்கு மாதம் கிடைக்கும். மரம் நிற்க அது போதும். ஆக டன்ட்ராவையும் டைகாவையும் பிரிக்கும் கோடு குளிர்காலத்தின் கடுமையில் இல்லை, கோடையின் வெப்பத்தில் இருக்கிறது. இது புரியாமல் ‘டன்ட்ரா மிகக் குளிர், டைகா கொஞ்சம் குளிர்’ என்று எழுதுகிறவர்களால் மரம் ஏன் ஒன்றில் இருக்கிறது, மற்றொன்றில் இல்லை என்று சொல்ல முடியாது.

பாலைவனத்தில் ஆண்டு மழை 250 மில்லிமீட்டருக்கும் குறைவு. இந்த எண்ணை எல்லோரும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால் டன்ட்ராவின் பெரும்பகுதியிலும் மழையும் பனியும் சேர்ந்து ஏறத்தாழ அதே அளவுதான் விழுகிறது. அப்படியானால் டன்ட்ரா ஏன் கோடையில் சதுப்பாகக் கிடக்கிறது? குளிரில் தண்ணீர் ஆவியாவது குறைவு. கீழே உறைநிலம் தளம் போட்டதுபோல் இருப்பதால் வடியவும் வழியில்லை. பாலைவனத்திலோ விழும் தண்ணீரைவிடப் பல மடங்கு ஆவியாகிப்போகும் சூடு. மழையின் அளவோடு ஆவியாகும் அளவையும் சேர்த்துச் சொன்னால்தான் பாலைவனத்தின் நெருக்கடி முழுதாக வரும்.

நிரலில் தொகுதி, நிரையில் சிக்கல்

மேலே மூன்று நிரல்களுக்கும் தொகுதிகளின் பெயரை எழுதுங்கள். இடப்பக்கம் ‘தாவரம்’, ‘விலங்கு’ என்று இரண்டே நிரை போட்டு நிறுத்தாமல், ஒவ்வொரு நிரைக்கும் ஒரு சிக்கலைப் பெயராக வையுங்கள். தாவரத்துக்கு மூன்று போதும்: நீரைக் காப்பது, வளரும் காலத்தைப் பயன்படுத்துவது, உடல் வடிவம். விலங்குக்கும் மூன்று: உடல் வெப்பம், தரையில் நடமாட்டம், உணவோ நீரோ கிடைக்காத காலம்.

இப்படிப் போட்டால் ஒரே சிக்கலுக்கு மூன்று தொகுதிகள் தரும் மூன்று விடைகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். அட்டவணை கேட்பதே இந்த ஒப்பீட்டுக்காகத்தான். சிக்கல் இல்லாமல் தாவரம், விலங்கு என்று மட்டும் பிரித்தால், ஒரு கட்டத்தில் இலையும், அடுத்த கட்டத்தில் வேரும், மூன்றாவதில் பூவும் வந்து உட்காரும். அவற்றை எதோடு எதை ஒப்பிடுவது?

ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று துண்டு இருக்க வேண்டும். எந்த உயிரினம், அதில் எந்த உறுப்பு அல்லது பழக்கம், அதனால் என்ன பயன். ‘ஒட்டகம்’ என்பது ஒரு துண்டு. ‘ஒட்டகத்தின் அடர்த்தியான சிறுநீர்’ இரண்டு துண்டு. ‘ஒட்டகத்தின் அடர்த்தியான சிறுநீர், கழிவோடு போகும் நீரைக் குறைக்கிறது’ என்று எழுதினால் கட்டம் நிரம்பிவிட்டது.

ஊசியும் முள்ளும்

தாவர நிரைகளில் அதிகம் தடுக்கிவிழும் இடம் நீர்தான். டைகாவின் கட்டத்தில் ‘ஊசி போன்ற இலை, மெழுகுப் பூச்சு, குழிந்த இலைத்துளை, நீராவிப்போக்கு குறைவு’ என்று எழுதுகிறார்கள். பாலைவனத்தின் கட்டத்திலும் அச்சு மாறாமல் அதையே எழுதுகிறார்கள். இரண்டும் உண்மைதான் என்பதுதான் சிக்கலே. பனிக்காட்டு மரத்துக்கு எதற்குப் பாலைவனச் செடியின் தந்திரம்?

டைகாவில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் பனியாக இருக்கிறது. மண் உறைந்து கிடக்கும் மாதங்களில் வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதே சமயம் இலை மரத்திலேயே நிற்கிறது; வெயிலும் காற்றும் பட்டு நீரை இழக்கிறது. கிடங்கு நிறையத் தண்ணீர், எடுக்க வழியில்லை. இதற்குச் செயல்நிலை வறட்சி என்று பெயர். பாலைவனத்தில் கிடங்கே காலி. காரணம் இரண்டும் வேறு, அடையாளம் மட்டும் ஒன்று. எனவே டைகாவின் கட்டத்தில் ‘உறைந்த மண்ணிலிருந்து நீர் எடுக்க முடியாத காலத்தில்’ என்ற சொற்கள் கட்டாயம் இருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் அந்தக் கட்டத்தைப் பாலைவனத்துக்கு மாற்றி ஒட்டினாலும் யாருக்கும் தெரியாது.

இங்கேதான் மலையில் இருப்பதன் வசதி. ஊட்டியிலிருந்து பைக்காரா போகும் சாலையில் தலைக்குந்தா பக்கம் பைன் காடு இருக்கிறதே, அங்கே போனால் கீழே கிடக்கும் ஊசி ஒன்றை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று ஊசி ஒரே உறையில் சேர்ந்திருக்கும். மரத்தில் இருக்கும் ஊசியைத் தொட்டால் வழவழப்பாக இருக்கும்; அது மெழுகு. நிறம் நல்ல பச்சை. பச்சை என்றால் ஒளிச்சேர்க்கை நடக்கிறது என்று அர்த்தம். பைன் ஊசி முழு இலை. இலை செய்ய வேண்டிய வேலையைத்தான் செய்கிறது.

அப்புறம் கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி மசினகுடிப் பக்கம் வாருங்கள். மலையின் மழை மறைவுப் பகுதி. பாலைவனம் அல்ல, முட்புதர்க்காடு. ஆனாலும் வறட்சியைச் சமாளிக்கும் செடிகள் கண்ணில் படும். வேலியோரம் சப்பாத்திக்கள்ளி நின்றால் நன்றாகப் பாருங்கள். அகலமாகத் தட்டுபோல் இருப்பது இலை அல்ல, தண்டு. அதில் புள்ளிபுள்ளியாக இருக்கும் சின்னத் திட்டுகளிலிருந்து முள் கிளம்புகிறது. அந்த முள்தான் இலையின் உருமாற்றம். முள் பச்சையாக இல்லை, ஒளிச்சேர்க்கை செய்வதில்லை. அந்த வேலையைத் தண்டு எடுத்துக்கொண்டுவிட்டது, தண்ணீரைச் சேர்த்துவைப்பதும் அதுவே.

ஆக ‘இலை ஊசியாகச் சுருங்கியது’ டைகா. ‘இலை முள்ளாக மாறியது, தண்டு ஒளிச்சேர்க்கை செய்கிறது’ பாலைவனம். இரண்டையும் குழப்பி ‘டைகாவில் இலைகள் முட்களாக மாறியுள்ளன’ என்று எழுதிய விடைத்தாள்கள் ஆண்டுதோறும் என் கைக்கு வருகின்றன.

இன்னொரு சின்ன எச்சரிக்கை. அதே வேலியில் சதுரக்கள்ளியும் இருக்கும். அதுவும் சதைப்பற்றான தண்டு, அதிலும் முள். ஆனால் ஒடித்தால் பால் வடியும், குடும்பமே வேறு. அதன் முள் இலையடிச் செதிலிலிருந்து வந்தது, முழு இலையிலிருந்து அல்ல. தேர்வில் ‘இலை முள்ளாதல்’ என்பதற்கு எடுத்துக்காட்டாகச் சப்பாத்திக்கள்ளியையே எழுதுங்கள், வம்பில்லை.

பாலைவனக் கட்டத்தில் இடம் இருந்தால் இலைத்துளையின் நேரத்தையும் சேர்க்கலாம். கள்ளி இனம் பகலில் இலைத்துளைகளை மூடிவைத்து, இரவின் குளிர்ச்சியில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாகச் சேமித்துக்கொள்கிறது. பகல் வெளிச்சத்தில் துளையைத் திறக்காமலேயே அந்தச் சேமிப்பை எடுத்து ஒளிச்சேர்க்கையை முடித்துக்கொள்ளும். டைகாவில் இந்தப் பழக்கத்துக்கு வேலையே இல்லை. அதனால் இந்த மூன்று தொகுதிகளில் இது பாலைவனத்துக்கே உரிய அடையாளம். மாற்றி ஒட்ட முடியாத கட்டம் கிடைக்கும்.

வேரைப் பற்றி ஒரு வரி. ‘பாலைவனச் செடிக்கு ஆழமான வேர்’ என்று மட்டும் எழுதாதீர்கள். தார்ப் பாலைவனத்து வன்னி மரத்துக்கு வேர் ஆழம். நிலத்தடி நீரைத் தேடிப் போகிறது. கள்ளிக்கோ வேர் மேலாகவே நாலாபுறமும் பரவியிருக்கும். எப்போதாவது பெய்யும் மழையை ஆவியாவதற்குள் வாரிக்கொள்ள அதுதான் வசதி. இரண்டில் எதை எழுதினாலும் செடியின் பெயரோடு எழுதுங்கள்.

குறுகிய கோடையைப் பிடிப்பது

வளரும் காலம் என்ற நிரைதான் டன்ட்ராவையும் டைகாவையும் தெளிவாகப் பிரிக்கும். ஊசியிலை மரம் இலையை உதிர்க்காமல் வைத்திருப்பதால், வசந்தத்தில் மண் இளகியதுமே ஒளிச்சேர்க்கையைத் தொடங்கிவிடும். புது இலை செய்ய நாளும் சத்தும் செலவாகாது. லார்ச் மட்டும் விதிவிலக்கு. அது ஊசியிலை மரமாக இருந்தும் இலையை உதிர்த்துவிடும். குளிர் மிகக் கடுமையான கிழக்குச் சைபீரியாவில் அதுதான் கோலோச்சுகிறது. இலையே இல்லாவிட்டால் நீர் இழப்பு ஏது? ‘டைகா மரங்கள் அனைத்தும் பசுமை மாறாதவை’ என்று எழுதாமல் ‘பெரும்பாலானவை’ என்று எழுதச் சொல்வது இதனால்தான்.

டன்ட்ராச் செடிகளுக்கு அந்த அவகாசமும் இல்லை. பல செடிகள் அடுத்த ஆண்டு மலர வேண்டிய மொட்டை முந்தைய கோடையிலேயே உருவாக்கி வைத்துக்கொள்கின்றன. பனி உருகியதும் மலர வேண்டியதுதான் பாக்கி. ஒரே பருவத்தில் முளைத்து, பூத்து, விதைத்து முடிக்க நாள் போதாது என்பதால் ஒருபருவச் செடி மிக அரிது. ஏறக்குறைய எல்லாமே பல்பருவச் செடிகள். ஆர்க்டிக் கசகசாச் செடியின் பூ கிண்ணம்போல் குவிந்து சூரியன் போகும் பக்கமெல்லாம் திரும்புகிறது. கிண்ணத்துக்குள் வெப்பம் கூடுவதால் விதை சீக்கிரம் முதிர்கிறது, குளிர்காய வரும் பூச்சியால் மகரந்தச் சேர்க்கையும் நடந்துவிடுகிறது.

பாலைவனம் இதற்கு நேர் எதிர். அங்கே ஒருபருவச் செடிகள் ஏராளம். விதை ஆண்டுக்கணக்கில் மண்ணில் தூங்கும். முளைப்பதைத் தடுக்கும் வேதிப்பொருள் சில விதைகளின் உறையில் இருக்கிறது. அதைக் கழுவிவிடும் அளவுக்கு மழை பெய்தால்தான் முளைக்கும். சின்னத் தூறலுக்கு ஏமாறாது. முளைத்த சில வாரத்தில் பூத்துக் காய்த்து முடித்துவிடும். டன்ட்ராவில் பல்பருவம், பாலைவனத்தில் ஒருபருவம்: இந்த ஒரு எதிர்நிலையை எழுதினாலே பாடம் புரிந்திருக்கிறது என்று திருத்துகிறவருக்குத் தெரிந்துவிடும்.

வடிவத்துக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். டன்ட்ராவில் தரையோடு தரையாக மெத்தைபோல் படர்வது, டைகாவில் பனி வழுக்கி விழும் கூம்பு வடிவம், பாலைவனத்தில் சதைப்பற்றான தண்டு. எடுத்துக்காட்டு வேண்டுமானால் ஆர்க்டிக் வில்லோவை எழுதலாம். மர இனம்தான், ஆனால் பெரும்பாலும் பத்துப் பதினைந்து சென்டிமீட்டருக்கு மேல் எழாமல் தரையில் ஊர்ந்து வளரும். தரையை ஒட்டிய காற்றுதான் அங்கே சூடான இடம். நம் சோலைகளின் ஓரத்தில் சிவப்பாகப் பூக்கும் ரோடோடென்ட்ரான் மரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு செடி டன்ட்ராவில் முழங்கால் உயரம்கூட எட்டாத புதராகக் கிடக்கிறது.

லைக்கனைத் தாவர நிரையில் எழுதலாமா என்று கேட்பார்கள். அது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் கூட்டுயிர், தனித் தாவரம் அல்ல. பிரியாணிக்குப் போடும் கல்பாசியும் லைக்கன்தான். எழுதுவதானால் ‘லைக்கன் (கூட்டுயிர்)’ என்று குறித்துவிடுங்கள். ‘கலைமான் பாசி’ என்று சொல்லப்படுவதும் உண்மையில் லைக்கனே.

நரிகளை வைத்து ஒரு நிரை

விலங்குகளுக்கு வரும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு விலங்கைத் தேடி அலையாதீர்கள். மூன்று தொகுதிக்கும் மூன்று நரிகள் இருக்கின்றன. ஒரு நிரையை அவற்றை வைத்தே முடிக்கலாம். டன்ட்ராவில் ஆர்க்டிக் நரி, டைகாவில் செந்நரி, சஹாராவில் ஃபென்னெக் நரி.

காதைப் பாருங்கள். ஆர்க்டிக் நரிக்குக் குட்டையான வட்டக் காது, முகமும் கட்டை. செந்நரிக்கு நடுத்தரமான கூர்க்காது. ஃபென்னெக் நரிக்கு உடம்பு நாற்பது சென்டிமீட்டர்தான் இருக்கும், காது மட்டும் பதினைந்து சென்டிமீட்டர் வரை வளரும். காதில் மயிர் குறைவு, ரத்தக் குழாய் அதிகம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்பு பெரிதானால் அதன் வழியாக வெப்பம் வெளியேறும். சிறிதானால் உள்ளே தங்கும். குளிர் நாட்டு விலங்குகளுக்குக் காது, வால், கால் போன்றவை சிறுத்திருக்கும் என்பதை 1877-இல் ஆலன் எழுதினார். ஆலன் விதி என்பது அதுதான். ஃபென்னெக் நரியின் காது மணலுக்கடியில் ஊரும் பூச்சியின் சத்தத்தைக் கேட்கவும் உதவுகிறது. எனவே ‘வெப்பத்தை வெளியேற்ற மட்டுமே’ என்று எழுதிவிடாதீர்கள்.

இப்போது காலைப் பாருங்கள். ஆர்க்டிக் நரியின் உள்ளங்காலில் அடர்ந்த மயிர். ஃபென்னெக் நரியின் உள்ளங்காலிலும் அடர்ந்த மயிர்! ஒன்று பனியின் குளிர் ஏறாமல் இருக்க, மற்றொன்று மணலின் சூடு சுடாமல் இருக்க. ஒரே உறுப்பு, ஒரே தோற்றம், காரணம் எதிரெதிர். ‘உள்ளங்காலில் மயிர்’ என்று மட்டும் எழுதினால் எந்த நரி என்று யாரால் சொல்ல முடியும்? கட்டத்தில் மூன்றாவது துண்டு ஏன் வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு நான் இந்த இரண்டு நரிகளைத்தான் காட்டுவேன்.

நரியை வைத்து எல்லா விதியையும் விளக்கப் பார்ப்பதும் தப்பு. குளிர் நாட்டு விலங்கின் உடல் பெரிதாக இருக்கும் என்ற பெர்க்மன் விதிக்கு இது ஒத்துவராது. ஆர்க்டிக் நரி செந்நரியைவிடச் சிறியது. அந்த விதிக்குக் கரடிகளை எழுதுங்கள்.

நடமாட்ட நிரையில் டைகாவுக்குப் பனிக்காலணி முயல் இருக்கிறது. பெரிய பின்னங்கால் உடல் எடையைப் பரப்பிவிடுவதால் பொதபொதவென்று கிடக்கும் பனியில் புதையாது. அதைத் துரத்தும் லின்க்ஸ் பூனைக்கும் அகன்ற பாதம். டைகாவில் மரங்கள் காற்றைத் தடுப்பதால் பனி மெத்தென்று குவிந்துவிடும். டன்ட்ராவில் காற்று அடித்து அடித்துப் பனி இறுகிக் கிடக்கும். அதனால் பனியில் புதையாத பாதம் டைகாவுக்கு ரொம்பப் பொருத்தமான எடுத்துக்காட்டு.

ஒட்டகத்துக்கு வருவோம். திமிலில் இருப்பது கொழுப்பு, தண்ணீர் அல்ல. இது இப்போது பலருக்குத் தெரியும். ஆனால் உடனே அடுத்த தவறைச் செய்கிறார்கள்: ‘கொழுப்பு சிதைந்து நீர் கிடைக்கிறது, அதுவே ஒட்டகத்தின் நீர்த்தேவையைத் தீர்க்கிறது’. கொழுப்பு சிதையும்போது நீர் உண்டாவது சரி. ஆனால் அதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜனுக்காக மூச்சு விட்டால் அந்த மூச்சோடு நீரும் போகும். வறண்ட காற்றில் வரவும் செலவும் ஏறக்குறைய சமம். ஆகவே திமில் உணவுச் சேமிப்பு, அதற்கு மேல் பெருமை வேண்டாம். நீரைச் சேமிப்பது வேறு வழியில். வெப்பம் ஏறினால் நாம் வியர்ப்போம். நீர் கிடைக்காத ஒட்டகமோ உடல் வெப்பத்தைக் காலையில் 34 டிகிரியிலிருந்து மாலைக்குள் 40 டிகிரி வரை ஏற விட்டுவிடும். ஏறிய வெப்பத்தை இரவின் குளிரில் காற்றில் விட்டுவிடும். வியர்வையாகப் போக வேண்டிய நீர் மிச்சம்.

உணவிலிருந்து கிடைக்கும் நீரைக்கொண்டே வாழும் விலங்கு வேண்டுமானால் வட அமெரிக்கப் பாலைவனத்தின் கங்காரு எலியை எழுதுங்கள். காய்ந்த விதை தின்று, அது சிதையும்போது உண்டாகும் நீரிலேயே காலம் தள்ளும். நீண்ட ஹென்லே வளைவு கொண்ட சிறுநீரகம் சிறுநீரை மிக அடர்த்தியாக்குகிறது. பகலில் வளைக்குள்ளேயே இருப்பதால் மூச்சில் போகும் நீரும் குறைவு.

டன்ட்ராவில் பசிக்காலத்தைச் சமாளிக்கக் கலைமான் கூட்டமாகத் தெற்கே இடம்பெயர்கிறது. லெம்மிங் எலி பனிக்கு அடியில் சுரங்கம் போட்டு, அங்கேயே செடியைக் கொறித்துக்கொண்டு விழித்திருக்கிறது. டைகாவில் கரடி உறங்கும் என்று எழுதலாம். ஆனால் கரடியின் உடல் வெப்பம் சில டிகிரிதான் குறைகிறது. ஆழ்ந்த குளிர்கால உறக்கம் என்று சொன்னால் சிலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சர்ச்சை இல்லாத விலங்கு வேண்டுமானால் வுட் ஃபிராக் எனப்படும் காட்டுத்தவளை. வட அமெரிக்க டைகாவில் சருகுக்கடியில் உடம்பின் நீரில் பெரும்பகுதி பனியாக உறைய, இதயமும் நின்றுபோக, செல்லுக்குள் நிறைந்த குளுக்கோஸ் செல்லை மட்டும் உறையாமல் காக்கும். வசந்தத்தில் உருகி எழுந்து போய்விடும்.

நம் மலையைப் பற்றி

தொந்தரவு உண்டு என்றேனே, அது இதுதான். டிசம்பர், ஜனவரியில் காந்தலிலும் அவலாஞ்சியிலும் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும். தேயிலைக் கொழுந்து கருகும். இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் டன்ட்ராவின் கட்டத்தில் வரையாட்டை எழுதிவிடுகிறார்கள். மலை உச்சிப் புல்வெளியில் மரம் இல்லாததும் அந்த எண்ணத்தை உறுதிப்படுத்திவிடுகிறது. நம் உறைபனி இரவில் விழும், காலை வெயில் ஏறியதும் உருகிவிடும். மண்ணின் ஆழம் வரை உறைவதில்லை, நிரந்தர உறைநிலம் கிடையாது, வளரும் காலம் ஐம்பது நாளில் முடிவதும் இல்லை. 2637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவும் வெப்பமண்டல மலைதான்.

தலைக்குந்தா பைன் காடும் டைகா அல்ல. அங்கே நிற்பது மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து நட்ட பைன். ஊசி நீளமாகத் தொங்கும். ஊசியிலையின் அமைப்பைப் பார்க்க அது உதவும், டைகாவுக்கு எடுத்துக்காட்டாக எழுத உதவாது. கொடைக்கானல் பைன் காட்டுக்கும் இதே பேச்சுதான். டைகாவுக்கு ஸ்ப்ரூஸ், ஃபிர், லார்ச் என்று எழுதுங்கள்.

நிரப்பிய அட்டவணை

| சிக்கல் | டன்ட்ரா | டைகா | பாலைவனம் |
|---|---|---|---|
| நீர் காத்தல் | ஆழமற்ற வேர். உறைநிலத்துக்கு மேல் இளகும் மேல்மண்ணின் நீரை எடுக்கிறது | ஸ்ப்ரூஸின் மெழுகு பூசிய ஊசியிலை. மண் உறைந்து நீர் கிடைக்காத மாதங்களில் நீராவிப்போக்கைக் குறைக்கிறது | சப்பாத்திக்கள்ளியின் முள் இலை, பச்சைத் தண்டு, இரவில் திறக்கும் இலைத்துளை. பகல் வெப்பத்தில் நீர் இழப்பைத் தடுக்கிறது |
| வளரும் காலம் | பல்பருவச் செடிகள். மொட்டு முந்தைய கோடையிலேயே தயார் | பெரும்பாலும் பசுமை மாறாதவை. மண் இளகியதும் ஒளிச்சேர்க்கை | ஒருபருவச் செடிகள். நல்ல மழைக்கே விதை முளைக்கும் |
| வடிவம் | தரையில் படரும் ஆர்க்டிக் வில்லோ. காற்றுக்குத் தப்புகிறது | கூம்பு வடிவ மரம். பனிச்சுமை வழுக்கி விழுகிறது | சதைப்பற்றான தண்டு. நீரைச் சேமிக்கிறது |
| உடல் வெப்பம் | ஆர்க்டிக் நரியின் குட்டைக் காது. வெப்பத்தைக் காக்கிறது | செந்நரியின் நடுத்தரக் காது, குளிர்கால அடர் மயிர் | ஃபென்னெக் நரியின் பெரிய காது. வெப்பத்தை வெளியேற்றுகிறது |
| நடமாட்டம் | ஆர்க்டிக் நரியின் மயிரடர்ந்த உள்ளங்கால். பனியின் குளிரைத் தடுக்கிறது | பனிக்காலணி முயலின் அகன்ற பாதம். மெத்தென்ற பனியில் புதையாது | ஃபென்னெக் நரியின் மயிரடர்ந்த உள்ளங்கால். மணல் சூட்டைத் தடுக்கிறது |
| கிடைக்காத காலம் | கலைமான் இடம்பெயர்கிறது | காட்டுத்தவளை உறைந்து பிழைக்கிறது | கங்காரு எலி உணவு சிதையும் நீரில் வாழ்கிறது |

ஐந்து மதிப்பெண் கேள்விக்கு இந்த ஆறு நிரையும் தேவையில்லை. தாவரத்தில் இரண்டு, விலங்கில் இரண்டு எடுத்துக்கொண்டால் போதும். நேரம் குறைவாக இருந்தால் வடிவ நிரையை முதலில் விட்டுவிடுவேன். அது எளிது, எல்லோரும் எழுதுவார்கள். வளரும் காலத்தை மட்டும் விடாதீர்கள்.

வீட்டில் பழகும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். எழுதி முடித்ததும் மேலே உள்ள தொகுதிப் பெயர்களைக் கையால் மறைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் ஒவ்வொரு கட்டமாகப் படித்துக்காட்டி எந்தத் தொகுதி என்று கேளுங்கள். ‘தடித்த மயிர், குளிரைத் தாங்கும்’ என்று படித்தால் டன்ட்ராவா டைகாவா என்று திணறுவார். அந்தக் கட்டத்தை மாற்றி எழுத வேண்டும். மேலே உள்ள அட்டவணையிலும் செந்நரிக் கட்டம் இந்தச் சோதனையில் தேறாது. பெயரைக் கேட்டு ஊகிக்கலாமே தவிர, அந்த நரி பாலைவன ஓரம் வரை பரவி வாழும் விலங்கு. தேர்வில் அந்த இடத்தில் மூஸ் மானை எழுதலாம்: குளிர்காலத்தில் உள்ளீடற்ற மயிர் காற்றைப் பிடித்துவைத்து வெப்பத்தைக் காக்கிறது, வில்லோ, ஃபிர் மரக் கிளைகளைக் கடித்துத் தின்ன மரங்கள் உள்ள இடத்தில்தான் அது குளிர்காலத்தை ஓட்டுகிறது.